டிஷ்வாஷர் நாற்றம் போக: ஃபில்டர், ஸ்ப்ரே ஆர்ம், கடைசியில் சிட்ரிக் ஆசிட்

"வினிகர் ரெண்டு பாட்டில் ஊத்தி ஓட்டிட்டேன் தம்பி, ரெண்டு நாள்ல மறுபடியும் அதே நாத்தம்." எதிர் வீட்டு அக்கா இதைச் சொல்லிக்கொண்டே டிஷ்வாஷரின் கதவைத் திறந்து காட்டினார். மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் முழுக்க போர் தண்ணீர்தான். எங்கள் வீட்டு மெஷினை நான் சில வருடங்களாகச் சுத்தம் செய்துவருவதால், தெரிந்தவர்கள் வீட்டிலும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் பார்க்கும் தவறு ஒன்றுதான். நாற்றம் என்றதும் முதலில் வினிகரையோ சிட்ரிக் ஆசிடையோ கொட்டிவிடுகிறார்கள். அவை கடைசியில் வரவேண்டியவை.

காரணம் எளிது. நாற்றத்தைத் தருவது சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும். ஆசிட் கரைப்பது போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து உண்டாகும் உப்புக்கறையை. பிசுக்கை அது தொடுவதே இல்லை. உப்புக்கறையின் மேல் பிசுக்கு மூடியிருந்தால் கறையையும் அதனால் எட்ட முடியாது. அதனால் வரிசை இப்படி: முதலில் கையால் கழிவை எடுக்கவேண்டும், அடுத்து சூடான டிடர்ஜென்ட் தண்ணீரில் பிசுக்கைப் போக்கவேண்டும், அதற்கப்புறம்தான் ஆசிட்.

## 1. முதலில் மோந்து பாருங்கள்

கதவைத் திறந்து, கீழ் ரேக்கை வெளியே இழுத்து, குனிந்து மோந்து பாருங்கள். என்ன வாடை என்பதை வைத்தே வேலை எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஊசிப்போன சாம்பார் போல் புளித்த வாடை என்றால் ஃபில்டரும் அதன் கீழுள்ள குழியும். முட்டை, மீன் கவுச்சி என்றால் கதவின் கீழ் விளிம்பையும் ரப்பரையும் பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வந்தால் உள்ளே முழுக்கப் பிசுக்கு படர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கடை நாற்றம் வந்தால் குற்றம் மெஷினுக்குள் இல்லாமல் கழிவுநீர்க் குழாயில் இருக்கலாம். அப்படியானால் உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் புளித்த வாடையும் கவுச்சியும் சேர்ந்தே இருந்தன. கூடவே மேல் ரேக்கில் டம்ளர்களின் அடியில் காபித்தூள் ஒட்டிக்கொண்டு நின்றது. அதுவும் ஒரு துப்பு. தண்ணீர் மேலே சரியாக அடிக்கவில்லை.

## 2. கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பழைய டூத் பிரஷ், பஞ்சு ஸ்பாஞ்ச், பாத்திரம் கழுவும் திரவம், சுழன்றபடி தண்ணீரை அடிக்கும் ஸ்ப்ரே ஆர்ம் முழுதாகப் படுக்கும் அளவுக்கு அகலமான டப் அல்லது பேசின், டார்ச், 200 கிராம் சிட்ரிக் ஆசிட். இதோடு துடைப்பத்திலிருந்து உருவிய நாலைந்து ஈர்க்குச்சிகள். பல் குச்சியைவிட ஈர்க்குச்சி நல்லது. பல் குச்சி ஓட்டைக்குள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொள்ளும். ஈர்க்கு வளைந்து கொடுக்கும், ஒடியாது. ஊக்கு, ஊசி வேண்டாம். ஓட்டை பிளாஸ்டிக்கில் செய்தது. அது கொஞ்சம் பெரிதானாலும் தண்ணீரின் வேகம் குறையும்.

சிட்ரிக் ஆசிட் மளிகைக் கடையிலும் பேக்கரிப் பொருள் விற்கும் கடையிலும் பொடியாகக் கிடைக்கும். ஈரம் பட்டால் கட்டிபட்டுவிடும், மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

தொடங்குமுன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இப்போதுதான் ஓடி முடிந்தது என்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள், கீழே ஹீட்டர் பகுதி சூடாக இருக்கும்.

## 3. ஃபில்டரைக் கழற்றுவது

கீழ் ரேக்கை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். தரையின் நடுவில், அல்லது கொஞ்சம் ஓரமாக, டம்ளர் போல் உருளையான ஒன்று தெரியும். அதைப் பிடித்து இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, கால் சுற்று திருப்பினால் பூட்டு விடும். அப்படியே மேலே தூக்குங்கள். பல மெஷின்களில் அது மூன்று துண்டாகப் பிரியும்: பெரிய துண்டுகளைப் பிடிக்கும் உருளை, அதைச் சுற்றி மெல்லிய சல்லடை, தரையோடு படுத்திருக்கும் தட்டையான சல்லடை.

தூக்கும்போது அவசரப்படவேண்டாம். உருளைக்குள் நிற்கும் பருக்கையும் மிளகாய்த் தோலும் சாய்த்தால் குழிக்குள் விழும். ஒரு கிண்ணத்தை அருகில் வைத்து, நேராகத் தூக்கி, அதற்குள் கவிழ்த்துங்கள்.

அடுத்து கழுவுதல். சூடான குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சல்லடையை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தேய்க்காமல், அழுக்கு ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். கண்ணிகளில் மாட்டிய தூள் வந்த வழியே திரும்பிப் போகும். அதற்கப்புறம் டூத் பிரஷ். கம்பி நாரும் ஸ்டீல் பிரஷும் கூடாது. சல்லடை ஒரு இடத்தில் கிழிந்தாலும் ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

கழுவியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கண்ணிகள் ஊடாக வெளிச்சம் ஒரே சீராக வந்தால் சரி. ஆங்காங்கே மங்கலாகத் தெரிந்தால் அங்கே உப்புக்கறை. அதற்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து, இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். பிசுக்கு போன பிறகு ஊறப்போட்டால்தான் பலன்.

அக்கா வீட்டில் இங்கேதான் விஷயம் பிடிபட்டது. நான் உருளையைத் திருப்பவே இல்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அது பூட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியாகக் கழுவியவர் இறக்கி வைத்தாரே தவிர திருப்பவில்லை. பூட்டாத ஃபில்டருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். கடுகும் சீரகமும் அதன் வழியே போய், பம்பைத் தாண்டி, ஸ்ப்ரே ஆர்ம் வரை ஏறிவிடும்.

## 4. குழியைச் சுத்தம் செய்வது

ஃபில்டரை எடுத்த இடத்தில் ஒரு குழி, அதில் கொஞ்சம் தண்ணீர். அதைப் பார்த்து "தண்ணீர் போகவில்லை, மெஷின் பழுது" என்று பயப்படுபவர்கள் நிறைய. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இயல்பு. அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். சாம்பல் நிறத்தில் குழம்பி, மேலே எண்ணெய் மிதந்தால் அதுதான் நாற்றத்தின் ஊற்று.

கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சில் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். வெறுங்கையை விடவே விடாதீர்கள். எப்போதோ உடைந்த டம்ளரின் சில்லு அங்கே கிடக்கும், அழுக்குத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலுமிச்சை விதை, எலும்புத் துண்டு, புளிக்கோது, லேபிள் காகிதம் ஏதாவது இருந்தால் கரண்டியால் எடுத்துவிடலாம். சுவரில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அதைப் பிரஷில் திரவம் தொட்டுத் தேயுங்கள்.

சில மெஷின்களில் குழியின் ஓரத்தில் கழிவுநீர் பம்புக்கு ஒரு சின்ன மூடி உண்டு. அதைக் கழற்றுவது எப்படி என்று உங்கள் மெஷினின் கையேட்டில் போட்டிருந்தால் மட்டும் கழற்றுங்கள். வலுக்கட்டாயமாக நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும்.

## 5. ஸ்ப்ரே ஆர்ம்

வேலையின் பாதி நேரம் இங்கே போகும், போகட்டும். தண்ணீர் ஒழுங்காக அடிக்காத மெஷினில் எச்சில் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அது மறுநாள் நாறும். பலர் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்வதால்தான் நாற்றம் ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது.

கீழ் ஆர்ம் பெரும்பாலான மெஷின்களில் வெறும் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். நடுவில் இரு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்தால் "டக்" என்று வரும். ஒரு முனையைப் பிடித்து இழுக்காதீர்கள், வளைந்துவிடும். மேல் ஆர்ம் மேல் ரேக்கின் அடியில் தொங்கும். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நட்டு இருக்கும், அல்லது ஆர்மையே கொஞ்சம் மேலே அழுத்தித் திருப்பினால் கழலும். நட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் பலம் கொடுக்காமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். அக்கா வீட்டுக் கீழ் ஆர்மைக் குலுக்கியபோது கிலுகிலுப்பை போல் சத்தம் வந்தது. உள்ளே கடுகு. நுனியில் இருந்த ஓட்டையில் கறிவேப்பிலையின் காம்பு ஒன்று குறுக்காகச் செருகி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கடுகும் தக்காளித் தோலும் அடைத்து நின்றன.

எடுக்கும் முறை இது. ஓட்டைகளை உள்ளே குத்தித் தள்ளாதீர்கள். தள்ளினால் அடைப்பு உள்ளே போய் இன்னொரு ஓட்டையில் உட்காரும். ஈர்க்குச்சியின் நுனியை லேசாக வளைத்து, கொக்கி போல் விட்டு, வெளியே இழுங்கள். வராதவற்றுக்கு நடுவில் உள்ள பெரிய துவாரத்தைக் குழாயின் கீழ் பிடித்து, தண்ணீர் நிரப்பி, துவாரத்தைக் கையால் பொத்தி நன்றாகக் குலுக்கி, அதே துவாரத்தின் வழியாகக் கொட்டுங்கள். ஐந்தாறு முறை செய்தால் கடுகெல்லாம் தண்ணீரோடு வரும். பொறுமை வேண்டும். நான் அன்று பதினோரு முறை குலுக்கினேன், கடைசிக் கடுகு பத்தாவதில் வந்தது.

அடைப்பு எடுத்த பிறகு ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தால் அது உப்புக்கறை. ஆர்மை டப்பில் படுக்கவைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மூழ்கவிடுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். சுண்ணாம்பு கரைந்து வாயுவாகப் போவதுதான் அது. குமிழி நின்றதும், அரை மணி நேரம் கழித்து, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க ஒரே சோதனை போதும். நடுத் துவாரத்தில் குழாய்த் தண்ணீர் விட்டு, ஆர்மைக் குறுக்காகப் பிடியுங்கள். எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் வரவேண்டும். நுனியில் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் ஓட்டைகளை மறக்காமல் பாருங்கள். அவை பாத்திரத்தை நனைப்பதற்கு அல்ல, ஆர்மைச் சுழற்றுவதற்கு. அவை அடைத்தால் ஆர்ம் நின்றுபோய், ஒரு பக்கத்துப் பாத்திரம் மட்டும் கழுவப்படும்.

திரும்ப மாட்டியதும் விரலால் தட்டிச் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் ஓரிரு சுற்று சுற்றவேண்டும்.

## 6. தண்ணீர் படாத இடங்கள்

கதவின் கீழ் விளிம்பைப் பாருங்கள், கதவு மூடியதும் மெஷினின் அடிப்பக்கத்தோடு சேரும் அந்த வாய். அங்கே தண்ணீர் நேரடியாக அடிப்பதில்லை. பாத்திரத்திலிருந்து சொட்டும் குழம்பு வழிந்து அங்கே போய்ச் சேரும், எத்தனை முறை ஓட்டினாலும் கழுவப்படாது. அக்கா வீட்டில் அந்த விளிம்பில் பழுப்பு நிறத்தில், பசை போல், விரல் தடிமனுக்கு இருந்தது. கவுச்சி அங்கிருந்துதான்.

ஸ்பாஞ்சை வெந்நீரில் நனைத்து, திரவம் தொட்டு, விளிம்பு முழுக்கத் துடையுங்கள். ரப்பர் கேஸ்கெட்டின் மடிப்பை விரலால் விலக்கி அதற்குள்ளும் துடையுங்கள். கதவு மடங்கும் மூலைகளில் டூத் பிரஷ். ரப்பரில் வினிகரை நேராகத் தடவி ஊறவிட வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும். இங்கே இருப்பதும் பிசுக்குதான், ஆசிடுக்கு வேலையில்லை.

## 7. இரண்டு முறை ஓட்டுவது: முதலில் டிடர்ஜென்ட், பிறகு சிட்ரிக் ஆசிட்

ஃபில்டரை இறக்கி, வலப்பக்கம் திருப்பி, அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்வரை பூட்டுங்கள். பூட்டியதும் மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. இந்த ஒரு நொடிச் சோதனையை எப்போதும் விடாதீர்கள்.

பிளக்கை மாட்டி, பாத்திரம் எதுவும் வைக்காமல், வழக்கமான அளவு டிடர்ஜென்ட் போட்டு, 70 டிகிரி வரும் இன்டென்சிவ் புரோகிராமில் ஓட்டுங்கள். கைக்கு எட்டாத குழாய்களிலும் பம்பிலும் படிந்த எண்ணெய் இந்தச் சூட்டில்தான் இளகும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு ரின்ஸ். இதை ஏன் விடக்கூடாது என்றால், டிடர்ஜென்ட் காரத்தன்மை உள்ளது. மிச்சம் இருந்தால் அடுத்து வரும் ஆசிடின் ஒரு பங்கை அது செலவழித்துவிடும். போதாக்குறைக்கு உப்புக்கறையிலிருந்து கிளம்பும் வாயு அந்த மிச்ச சோப்பில் நுரை கட்டும்.

இப்போது சிட்ரிக் ஆசிட். ஒரு முறைக்கு 60 கிராம், மேசைக்கரண்டியில் தலை தட்டி நான்கு அல்லது ஐந்து. இங்கேதான் புதியவர்கள் பொடியை வீணாக்குகிறார்கள். தொடங்கும்போதே தரையில் கொட்டிவிடுவார்கள். பல புரோகிராம்களில் முதலில் ஒரு குளிர்ந்த முன்கழுவல் வரும், அது முடிந்ததும் தண்ணீர் வெளியேறும். போட்ட ஆசிட் முழுக்க அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. டிடர்ஜென்ட் பெட்டியைக் காலியாக மூடிவையுங்கள். முன்கழுவல் முடிந்து முதன்மைக் கழுவல் தொடங்கும்போது அதன் மூடி தானாகத் திறக்கும். பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, தண்ணீர் வெளியேறி மறுபடி நிரம்பும் சத்தம் கேட்டதும், மெஷினை நிறுத்தி, கதவை முதலில் ஒரு விரல் அளவு திறந்து, தெறிப்பு அடங்கியதும் முழுதாகத் திறந்து பாருங்கள். பெட்டி திறந்திருந்தால் நேரம் சரி. பொடியைத் தரையில் தூவி, மூடி, தொடரவிடுங்கள். அந்தக் கட்டத்தில் தண்ணீர் இன்னும் முழுச் சூட்டுக்குப் போயிருக்காது, ஆனாலும் முகத்தைத் தள்ளி வைத்தே திறங்கள். இதெல்லாம் சிரமம் என்றால், பெட்டி கொள்ளும் அளவு பொடியை அதிலேயே போட்டு மூடிவிடலாம். அளவு குறையும், பொடி சரியான நேரத்தில் விழும். தேவைப்பட்டால் இன்னொரு முறை ஓட்டலாம்.

சூடு எவ்வளவு? ஆசிட் ஓட்டுவதற்கு 50 டிகிரி போதும். எண்ணெய்க்குத்தான் 70 வேண்டியிருந்தது. சிட்ரிக் ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட் உண்டாகும். அது சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும், வெள்ளைத் தூளாகப் படியப் பார்க்கும். இதே காரணத்தால் ஆசிட் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி இரவெல்லாம் ஊறவிடக்கூடாது. முடிந்த கையோடு வெறும் தண்ணீரில் ஒரு ரின்ஸ் ஓட்டி, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

வினிகர் கூடாதா என்று கேட்பார்கள். கையில் சிட்ரிக் ஆசிட் இல்லையென்றால் பயன்படுத்தலாம், ஆனால் அதன் பலம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் ஆசிட் 4 சதவீதம் என்று வைத்தால், இரண்டு கப், அதாவது 400 மில்லியில், 16 கிராம்தான். அது கரைக்கக்கூடிய சுண்ணாம்பு அதிகபட்சம் 13 கிராம். 60 கிராம் சிட்ரிக் ஆசிட் 40 கிராமுக்கு மேல் கரைக்கும். மெஷின் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் எடுப்பதால் வினிகர் இன்னும் நீர்த்துப்போகும். அதனால் லேசான வெள்ளைப் படலத்துக்கும் ஆர்ம், ஃபில்டரை வெளியே ஊறவைக்கவும் வினிகர் சரி, மாதக்கணக்கில் ஏறிய கறைக்குப் போதாது. அடிக்கடி வினிகர் விட்டால் ரப்பர் பாகங்கள் கெடும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. உங்கள் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயன்படுத்துவதென்றால் சிட்ரிக் ஆசிடுக்குச் சொன்ன அதே நேரத்தில் தரையில் ஊற்றுங்கள். ரின்ஸ் எய்ட் ஊற்றும் இடத்தில் வினிகர் வேண்டாம்.

இரண்டு கலவைகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ ஆசிடோடு சேரவே கூடாது, வினிகரானாலும் சிட்ரிக் ஆசிடானாலும். குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது மூச்சை அடைக்கும். முந்தின நாள் பிளீச் விட்டிருந்தால், இரண்டு முறை வெறும் தண்ணீரில் ஓட்டிய பிறகே ஆசிட். இன்னொன்று, வினிகரும் சமையல் சோடாவும் சேர்ப்பது. ஆபத்து இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டுவிடும். பொங்கி நுரைப்பதைப் பார்க்க வேலை நடப்பது போல் இருக்கும். அது அடங்கியதும் மிஞ்சுவது கறையைக் கரைக்காத உப்புத் தண்ணீர்தான்.

## 8. இவ்வளவுக்கும் போகவில்லை என்றால்

கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். நம் வீடுகளில் சலவை மெஷினுக்கு விட்ட அதே தரைச் சாக்கடைத் துளைக்குள் டிஷ்வாஷரின் குழாயையும் செருகிவிடுவார்கள். குழாய் மேலே ஏறாமல் தரையோடு கிடந்தால் சாக்கடையின் வாடை அதன் வழியே மெஷினுக்குள் வரும், சில சமயம் அழுக்குத் தண்ணீரே திரும்பும். குழாயைப் பின்பக்கத்தில் சிங்கின் அடிமட்டம் வரை உயர்த்தி, அங்கே ஒரு கொக்கியில் கட்டி, அதற்கப்புறம் கீழே இறக்குங்கள். குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்ற அளவு மெஷினோடு வந்த பொருத்தும் குறிப்பில் இருக்கும், அதை மீறவேண்டாம். சாக்கடைத் துளைக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் ரப்பர் வளையம் வைத்து மூடுங்கள்.

ஆர்ம் சுற்றுகிறதா என்று சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கீழ் ஆர்மின் ஒரு முனையை நேராக உங்களை நோக்கி வைத்து, ஓடவிட்டு, தண்ணீர் அடிக்கத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் நிறுத்தித் திறந்து பாருங்கள். முனை வேறு பக்கம் போயிருந்தால் சுற்றுகிறது. அதே இடத்தில் இருந்தால் இன்னொரு முறை பாருங்கள், தற்செயலாகவும் அங்கே நிற்கலாம். இரண்டாவது முறையும் நகரவில்லை என்றால் ஓட்டை இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது ரேக்கிலிருந்து நீட்டிய கரண்டிக் காம்பு இடிக்கிறது.

## 9. மறுபடி வராமல் இருக்க

நம் சமையலுக்கு ஃபில்டரை வாரம் ஒருமுறை குழாயில் அலசவேண்டும். மீன், முட்டை செய்த நாளில் அன்றைக்கே. ஆர்மை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் குலுக்கினால் போதும். சிட்ரிக் ஆசிடுக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டுப்பட்டால் மட்டும் போடுங்கள். தேவையில்லாமல் மாதாமாதம் ஆசிட் விடுவது ரப்பருக்கு நல்லதல்ல. ஓட்டி முடித்ததும் கதவை நாலு விரல் அளவு திறந்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஃபில்டரை அலசி, காயவைத்து, கதவைத் திறந்தபடி விட்டுப் போங்கள்.

பாத்திரத்தை அடுக்குமுன் முழுக்கக் கழுவத் தேவையில்லை. தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டியிருக்கும் கரண்டியையும் வாணலியையும் மட்டும் குப்பைக் கூடையில் தட்டிவிட்டு வைத்தாலே ஆர்ம் அடைப்பது பெருமளவு குறையும்.

அக்கா வீட்டில் அன்று மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதில் என் கை வேலை ஒரு மணி நேரம், மீதி மெஷின் ஓடிய நேரம். மறுநாள் நாற்றம் இல்லை, டம்ளரில் காபித்தூளும் இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து, "வாடை வரலை தம்பி, ஆனா டம்ளர் மறுபடியும் வெள்ளை பூத்துடுச்சு" என்றார். போய்ப் பார்த்தால் டிஷ்வாஷர் உப்பு போடும் தொட்டி காலி. போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைப்பது அந்த உப்பால் இயங்கும் பகுதிதான், உப்பு தீர்ந்தால் சுண்ணாம்பு அப்படியே உள்ளே வரும். தொட்டியை நிரப்பி, சிந்திய உப்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, உடனே ஒருமுறை ஓட்டினோம், சிந்திய உப்பு உள்ளே தங்கினால் ஸ்டீலை அரிக்கும் என்பதால். தண்ணீரின் கடினத்தன்மைக்கான அமைப்பும் வாங்கியபோது இருந்த அளவிலேயே கிடந்தது. கையேட்டைப் பார்த்து அதை எங்கள் போர் தண்ணீருக்கு ஏற்ப உயர்த்தினோம். அதற்கப்புறம் 60 கிராம் சிட்ரிக் ஆசிட் ஒருமுறை, டம்ளர்களையும் உள்ளே வைத்தே.